முதல் மணிக்கு முன் ஒரு செம்பு

கடியப்பட்டணத்துக் கடற்கரையில் ஞானசெல்வியை முந்தியவர் எவரும் இல்லை. கட்டுமரம் கரை தட்டியதும் மீனை ஏலத்தில் எடுத்து, மணலில் புரட்டி, கடவம் என்னும் பெரிய ஓலைப்பெட்டியில் அடுக்கி, சும்மாட்டை வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பினால், ஆறு மைலுக்கு அப்பால் திங்கள்சந்தையில்தான் இறக்குவாள். நடை என்று சொல்ல முடியாது, அது ஓட்டம். வெயில் ஏறுவதற்குள் போனால்தான் மீனுக்கு மவுசு. அதற்குப் பிறகு போகிற மீனைப் பூனைகூட யோசித்துத்தான் தின்னும். சந்தையில் ஆலமரத்துக்குக் கிழக்கே முதல் இடம் அவளுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. பதினான்கு வருடமாக முதலில் வந்து உட்கார்ந்து சம்பாதித்த இடம். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இருக்கட்டுமே! உழைத்து வாங்கிய பெருமையைப் பெட்டிக்குள்ளா பூட்டி வைப்பார்கள்?

அப்பேர்ப்பட்டவள்தான் 1953 ஐப்பசியில், மணவாளக்குறிச்சி தாண்டிய வளைவில், கடவத்தோடு குப்புற விழுந்தாள்.

கதை இப்படி. புரட்டாசிக் கடைசியில் அவள் புருஷன் சிலுவைதாசனின் மரம் காற்றில் சிக்கி இரண்டு நாள் திரும்பவில்லை. ஊரே கரையில் நின்றது. ஞானசெல்வி மட்டும் கோயிலுக்குள் போய் மாதா முன்னால் முழங்கால் போட்டாள். "அவரு வந்தா நாப்பது நாளு விடாம நன்மை எடுப்பேன்" என்று நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் உதடு வெடித்து, கண் உள்ளே போய், சிலுவைதாசன் வந்து சேர்ந்தான். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி ஞானசெல்வியின் பங்கு.

நன்மை எடுப்பது என்றால் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவது. அப்படி வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்துதான் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் தாங்கும். ஆனால் இது தினமும். விடிவதற்கு வெகுமுன்பே கரைக்குப் போய் மீன் எடுக்க வேண்டும், வந்து ஐந்தரைப் பூசை காண வேண்டும், ஆறரைக்குக் கடவத்தைத் தூக்க வேண்டும். பூசை முடிந்து உட்கார்ந்து சாப்பிட்டால் சந்தையில் முதல் இடம் போய்விடும். ஆகவே வெறும் வயிற்றோடு ஓடினாள். பத்து நாள் ஓடினாள். பதினோராம் நாள் விழுந்தாள்.

ரோட்டில் சிதறிய சாளை மீனில் காக்கைக்குப் போக மிஞ்சியதைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளைச் சிலுவைதாசன் ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏட்டி, ஒண்ணு சந்தைய விடு, இல்லேன்னா நேர்ச்சைய விடு. ரெண்டையும் பிடிச்சுத் தொங்கினா நான் ஒன்னத்தான் விடணும்."

"நேர்ச்சைய விட்டா மாதாவுக்கு என்ன பதில் சொல்ல? சந்தைய விட்டா வயித்துக்கு என்ன பதில் சொல்ல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இனி ஒரு தடவ விழுந்தேன்னு கேட்டேன், கடவத்த அடுப்புல வச்சிருவேன்."

அவன் அன்பால்தான் சொன்னான். ஆனால் சொன்னால் செய்கிறவன். கடவம் அடுப்புக்குப் போனால் ஞானசெல்வி வலை முடைந்துகொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலமே பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: ரோமாபுரியிலிருந்து இந்த வருடம் சட்டம் இளகி வந்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒருசந்தி என்கிற அந்த உபவாசம் முறியாது. இவளைப்போல் பூசைக்கு முன்பே கடும் வேலை செய்கிறவர்கள், சாமியாரின் அனுமதியோடு, நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்புவரை குடிப்பதற்கு ஏதாவது குடிக்கலாம்.

"சாராயம் கூடாது. திங்கவும் கூடாது. குடிக்கிறது மாத்திரந்தான். உனக்கு அனுமதி தாரேன், மகளே. முதல் மணிக்கு முன்ன முடிச்சிரு."

முதல் மணி நாலரைக்கு அடிக்கும். ஞானசெல்வி வீட்டுக்கு வரும்போதே கால் தரையில் படவில்லை.

குடிக்கலாம் என்றதும் அவளுக்குத் தோன்றியது இனிப்புதான். மறுநாள் ஒரு துண்டு கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, நாலு மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து கலக்கி, ஒரே மூச்சில் குடித்தாள். அடேயப்பா! பூசையில் தூக்கமே வரவில்லை. மணவாளக்குறிச்சிவரை பறந்தாள். அதைத் தாண்டியதும் கை நடுங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. விழவில்லை என்பதுதான் மிச்சம். அடுத்த இரண்டு நாளும் அதே கதை: முதல் மூன்று மைல் குதிரை, பின் மூன்று மைல் கிழட்டுக் கழுதை.

சந்தையில் அவளுக்குப் பக்கத்து இடம் ராஜபாயுடையது. வடக்கே குலசேகரம் பக்கத்துக்காரி. பயறு, கேப்பை, கப்பலண்டி என்கிற நிலக்கடலை, வாழைப்பழம் எல்லாம் சாக்கை விரித்து வைத்து விற்பாள். இருவரும் பத்து வருடமாக மீனும் பயறும் மாற்றிக்கொள்கிறவர்கள். ஞானசெல்வியின் கை நடுங்குவதைப் பார்த்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அட மக்கா, கருப்பட்டி வெள்ளம் ஓலைத் தீ மாதிரிலா! பக்குன்னு பிடிக்கும், பொக்குன்னு அணையும். நின்னு எரிய வெறகு வேண்டாமா?"

"வெறக எப்பிடிட்டி குடிக்கது?"

"இடிச்சுப் பொடியாக்கிக் குடி. வயல்ல எறங்குகவன் வெறும் சோத்த மட்டுமா திங்கான்? பயறும் கூட்டித்தான் திங்கான். தேங்கா இல்லாம எங்க வீட்டுல ஒண்ணும் எறங்காது. அதெல்லாம் ஒரு செம்புல கெடக்கட்டும்."

ராஜபாய் இதைச் சொல்லிவிட்டு மறந்துபோனாள். ஞானசெல்வி மறக்கவில்லை. வழியெல்லாம் யோசித்தாள். மத்தியானச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? சோறு, பருப்பு, மீன், தேங்காய் அரைத்த குழம்பு, ஏதாவது ஒரு காய். அதில் ஒன்று குறைந்தாலும் சாயங்காலம் உடம்பு சொல்லிவிடும். செம்புக்குள்ளும் அப்படித்தான் இருக்க வேண்டும். இனிப்பு மட்டும் இருந்தால் அது சாப்பாடு ஆகாது.

கேப்பை மூன்று பங்கு, சிறுபயறு ஒரு பங்கு, கப்பலண்டி அரைப் பங்கு. தனித்தனியாக மணம் வரும்வரை வறுத்து, திருகையில் மை போலத் திரித்து வைத்தாள். காலையில் இரண்டு கைப்பிடி மாவைக் காய்ச்சி இறக்கி, இரண்டு மட்டிப்பழம் பிசைந்து போட்டு, அரைமூடித் தேங்காயின் பால் ஊற்றி, ஒரு கல் உப்பும் கட்டைவிரல் நகம் அளவு கருப்பட்டியும் சேர்த்தாள். பதினைந்தாம் நாள் அதைக் குடித்துவிட்டு ஓடினாள். மணவாளக்குறிச்சி வளைவு வந்தது. கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். இல்லை. சந்தையில் கடவத்தை இறக்கியபோது ஆலமரத்தடியில் ஒரு காக்கை தவிர யாரும் வந்திருக்கவில்லை. உச்சி வேளைவரை பசி எட்டிப் பார்க்கவில்லை. மதினிமாரே, அண்ணன்மாரே என்று அவள் கூவிய கூவலில் மீன் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்தது.

ஐந்து நாள் ராஜநடை. ஊர் பொறுக்குமா?

இருபதாம் நாள் விடிகாலை, நெருப்புக் கேட்டு ஜெபமணி வந்தாள். அவளும் கடவம் தூக்குகிறவள்தான். பதினான்கு வருடமாகச் சந்தைக்கு இரண்டாவதாக வந்து சேருகிறவள். அதைவிடப் பெரிய வியாதி ஒருத்திக்கு வேண்டுமா? அடுப்பின் மேல் இருந்த பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அகப்பை பானையின் நடுவில் சாயாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஞானசெல்வி! இது கஞ்சியில்லா! கஞ்சிய முட்ட முட்டக் குடிச்சிட்டா நன்மை எடுக்கிய?"

"சாமியாரு குடிக்கச் சொன்னாரு, குடிக்கேன்."

"அகப்ப நிக்குது! குடிக்கதுன்னா ஓடாண்டாமா? அது நிக்குதே!"

பூசைக்கு மணி அடிப்பதற்குள் செய்தி கரை முழுவதும் போய்விட்டது. ஒருசந்தியை முறித்துவிட்டு நன்மை எடுத்தவள் என்று பெயர் வாங்குவது கடற்கரையில் லேசான காரியமல்ல. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு அவளையே பார்த்தார்கள். ஞானசெல்விக்கு முகம் தீயாக எரிந்தது. வெட்கம் பாதி, கோபம் மீதி. நேராகச் சாமியாரிடம் போய், பானையில் இருந்ததை இருந்தபடி சொன்னாள். மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது.

சாமியார் யோசித்தார். "தெரியாம செஞ்சதுக்குக் குத்தமில்ல. உன் கணக்குல அஞ்சு நாளும் இருக்கட்டும். இன்னிக்கு நீ குடிச்சியா?"

"இல்ல சாமி. அவ கத்தின கத்துல செம்புல ஊத்தக்கூட இல்ல."

"அப்ப இன்னிக்கும் நன்மை எடு. நாளையிலேருந்து ஒண்ணு பாத்துக்க. ஊத்தினா ஓடணும். பல்லுக்கு வேல இருக்கக் கூடாது. மாவு கலந்தா தப்பில்ல, பால் கலந்தா தப்பில்ல. ஆனா குடிக்கிற பொருளாவே இருக்கணும்."

சொல்வது சாமியாருக்குச் சுலபம். இரண்டு கைப்பிடி மாவு ஓட வேண்டுமானால் மூன்று செம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிக் குடித்தும் பார்த்தாள். வயிறு குடம்போலத் தளும்பியது. தலையில் கடவமும் வயிற்றில் கடலுமாக ஓட முடியுமா? மாவை அரைக் கைப்பிடியாகக் குறைத்தாள். அது ஓடியது, ஆனால் இவள் ஓடவில்லை. இருபத்திரண்டாம் நாள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆலமரத்துக்குக் கிழக்கே ஜெபமணி உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை வேறு போட்டிருந்தாள். ஞானசெல்வி இரண்டாம் இடத்தில் கடவத்தை இறக்கினாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்து, வியர்வை என்று ராஜபாயிடம் பொய் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு கேடு காத்திருந்தது. இரண்டு நாள் அடைமழையில் கூரை ஒழுகி, கேப்பைப் பானைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கேப்பை ஊறி, ஒவ்வொரு மணியிலும் வெள்ளை நூலாக முளை விட்டிருந்தது.

"தூரப் போடு சவத்த" என்றான் சிலுவைதாசன்.

போடுவாளா? மீன் கொடுத்து மாற்றிய கேப்பை. அள்ளி மோந்து பார்த்தாள். புளிப்பு இல்லை, பூசணம் இல்லை, புதுப் புல்லின் மணம்தான் இருந்தது. கழுவிப் பாயில் பரத்தினாள். வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் வெளியே போட்டாள், மழை வந்தபோதெல்லாம் அடுப்போரம் இழுத்தாள். மூன்று நாள் இந்தக் கூத்து. காய்ந்ததும் முளையைக் கசக்கி ஊதிவிட்டு, சட்டியில் லேசாகச் சூடு மட்டும் காட்டித் திரித்தாள். அந்த மூன்று நாளில் இரண்டு நாள் இரண்டாம் இடம். ஒரு நாள் மூன்றாம் இடம்.

இருபத்தாறாம் நாள் விடிகாலை அந்த மாவைப் பயறு மாவோடும் கப்பலண்டி மாவோடும் சேர்த்து, பழைய அளவே இரண்டு கைப்பிடி, ஒரு செம்புப் பச்சைத் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் வைத்தாள். கிண்டினாள். முதலில் எப்போதும்போல இறுகப் பார்த்தது. "ஆரம்பிச்சிட்டியா" என்று அதைத் திட்டினாள். சூடு ஏற ஏற, அகப்பை லேசாயிற்று. கெட்டியாக வேண்டியது இளகியது. கொதி வந்தபோது பானைக்குள் மோர் போலத் தளதளவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஞானசெல்வி அகப்பையை நட்டுப் பார்த்தாள். பொத்தென்று விழுந்தது. மறுபடி நட்டாள். மறுபடி விழுந்தது. நக்கிப் பார்த்தால் கருப்பட்டி போடாமலே லேசாக இனித்தது. முளை விட்ட தானியம் தன் கெட்டியைத் தானே கரைத்துக்கொண்டது!

"ஏ மனுசா, எந்திரிங்க! அகப்ப விழுது, பாருங்க!"

சிலுவைதாசன் பாயில் எழுந்து உட்கார்ந்து, அகப்பை விழுவதில் என்ன விசேஷம் என்று தெரியாமல் விழித்தான்.

இறக்கி ஆறவைத்தாள். பழத்தைப் பிசைந்து துணியில் வடித்துச் சேர்த்தாள். தேங்காய்ப்பால், உப்பு. வழக்கமான கருப்பட்டியில் பாதி போதுமானதாக இருந்தது. ஆனால் குடிக்கவில்லை. பானையையும் ஒரு கண் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்துக்கு நடந்தாள். தேங்காய்ச் சிரட்டையின் மூன்று கண்ணில் ஒன்றைக் குத்தித் துளைத்திருந்தாள். கரையிலிருந்து வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். முதல் வரிசையில் ஜெபமணி, கையைக் கட்டிக்கொண்டு. சாமியார் அப்போதுதான் கோயில் கதவைத் திறக்க வந்தார்.

"சாமி, ஊத்தினா ஓடணும்னு சொன்னீரு. பாரும்."

சிரட்டையைச் செம்பின் மேல் பிடித்து, பானையைச் சாய்த்தாள். சிரட்டை நிறைந்தது. கண் வழியாக ஒரு மெல்லிய தாரை கீழே இறங்கியது. அறுந்தும் போகவில்லை, அடைக்கவும் இல்லை. செம்பு நிறைந்ததும் ஞானசெல்வி சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார் சாமியார்.

"கேப்ப, பயறு, கப்பலண்டி, பழம், தேங்காப்பாலு. ஒரு நேரத்துச் சாப்பாடு அப்பிடியே இருக்கு சாமி. பல்லுக்குத்தான் வேல இல்ல."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரோமாபுரியில இருந்து யாராவது வந்து கேட்டாலும் இது குடிக்கிற பொருள்னுதான் சொல்லுவேன். குடி, முதல் மணி அடிக்கப் போகுது."

அவள் அண்ணாந்து செம்பைக் காலி செய்தாள். வாயிலிருந்து செம்பை எடுத்த அதே நேரம் முதல் மணி அடித்தது. அன்று நன்மை எடுத்துவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தைக் கடியப்பட்டணம் இன்னும் மறக்கவில்லை. மணவாளக்குறிச்சி வளைவில் ஜெபமணியைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் பெரிய அடி. ஆலமரத்துக்குக் கிழக்கே கடவத்தை இறக்கிவிட்டு ராஜபாயைப் பார்த்துச் சொன்னாள்: "வெறகக் குடிச்சிட்டேன் மக்கா."

பிறகு கேப்பையை வேண்டுமென்றே ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டாள். மழைக்குக் காத்திருக்க அவள் என்ன பைத்தியமா? நாற்பதாம் நாள் நேர்ச்சை முடிந்தது. மாதா காலடியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தவளிடம் சிலுவைதாசன், புதிதாகப் பின்னி வாங்கிய கடவம் ஒன்றை நீட்டினான். "பழசு சின்னது" என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அவ்வளவுதான் பேச வரும். அவளுக்கு அது போதும்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை. நேர்ச்சை இல்லை, ஒருசந்தி இல்லை. இனி இட்டலிகூடத் தின்னலாம். ஆனாலும் ஞானசெல்வி அதே பானையைத்தான் அடுப்பில் வைத்தாள். ஓடுகிறவளுக்கு உட்கார்ந்து தின்ன எங்கே நேரம்? வாசலில் நிழல் தட்டியது. ஜெபமணி, கையில் காலிச் செம்போடு. கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"ஞானசெல்வி... நானும் நாப்பது நாளு நேந்திருக்கேன். எனக்கும் அத எப்பிடிச் செய்யணும்னு சொல்லித் தாயேன். நேத்து எனக்கும் அந்த வளைவுல கண்ணு இருட்டிட்டு."

பதினான்கு வருடமாக இரண்டாவதாக வந்தவள் இன்று வாசலில் வந்து கேட்டு நிற்கிறாள். ஞானசெல்விக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்கவும் இல்லை. பானையை இறக்கினாள், அடுக்கிலிருந்து கண் சிரட்டையை எடுத்து ஜெபமணியின் கையில் வைத்தாள்.

"சொல்லித் தாரேன். முதல்ல சிரட்டையில ஊத்திப் பாரு, ஏட்டி. அப்பறம் கஞ்சின்னு சொல்லாத."